வீட்டில் சார்ஜ் வசதி இருப்பவர்கள் ஹைபிரிட் கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு முற்றத்திலோ கராஜிலோ மின்னிணைப்பு உள்ள ஒரு குடும்பம் முழு ஹைபிரிட்டையும் பிளக்-இன் ஹைபிரிட்டையும் எதிரெதிரே வைத்து யோசிக்கும்போது, பேச்சு பெரும்பாலும் நெடும்பயணத்தைப் பற்றியதாகவே போய்விடுகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மொன்றியலுக்கோ ஒட்டாவாவுக்கோ பிள்ளைகளுடன் போகிறோம், அதற்கு எது வசதி என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. பல குடும்பங்கள் பிழையான முடிவுக்கு வருவது இந்த இடத்தில்தான். நல்ல பிளக்-இன் ஒன்றைத் தெரிவு செய்தால் நெடும்பயணத்தில் இரண்டு வகைக்கும் இடையே ஏறக்குறைய வேறுபாடே இல்லை. முடிவைத் தீர்மானிப்பது வார நாட்களில் ஓடும் கிலோமீற்றர்களே.

ரொறன்ரோவில் பலரும் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். 2025 வரை விற்பனையான தலைமுறையைச் சேர்ந்த ரொயோட்டா ராவ்4 ஹைபிரிட் ஒன்று. அதே தலைமுறையில் 2021 மாடலாக அறிமுகமான பிளக்-இன் வகையான ராவ்4 பிரைம் மற்றையது. முழு ஹைபிரிட்டில் ஒரு சிறிய பற்றரி இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அது தானாக நிரம்புகிறது, வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியாது. பிரைமில் 18.1 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பற்றரி இருப்பதால், முழுமையாக சார்ஜ் செய்த பின் ஏறத்தாழ 68 கிலோமீற்றர் வரை மின்சாரத்தில் மட்டும் ஓட முடியும் என்பது அதன் அதிகாரபூர்வ மதிப்பு.

லேபிலில் உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்ப்பது

கனடாவில் புதிய காரில் ஒட்டப்படும் எனர்கைட் லேபிலில் பிளக்-இன் வாகனங்களுக்கு இரண்டு அளவுகள் இருக்கும். முதலாவது, மின்சாரத்தையும் பெற்றோலுக்கு இணையாக மாற்றிச் சொல்லும் அளவு; பிரைமுக்கு அது 100 கிலோமீற்றருக்கு 2.5 லீற்றருக்கு இணை என்று இருக்கும். கண்ணைக் கவர்வதும் விற்பனையாளர் சுட்டிக்காட்டுவதும் இதுதான். ஆனால் நெடும்பயணத்துக்குத் தேவையானது இரண்டாவது அளவு, அதாவது பற்றரி தீர்ந்த பின் பெற்றோலில் ஓடும்போது எவ்வளவு செலவாகும் என்பது. பிரைமுக்கு அது 100 கிலோமீற்றருக்குச் சராசரியாக 6.0 லீற்றர். ராவ்4 ஹைபிரிட்டின் சராசரியும் அதே 6.0 லீற்றர்தான்.

பற்றரி தீர்ந்தவுடன் பிளக்-இன் கார் வெறும் பெற்றோல் காராகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரைமைப் பொறுத்தவரை அது சரியல்ல. பற்றரியின் அடியில் எப்போதும் ஒரு பகுதி மிச்சம் வைக்கப்படுவதால், அதன் பிறகும் அது முழு ஹைபிரிட்டைப் போலவே பிரேக்கின் ஆற்றலைச் சேமித்துத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டு ஓடுகிறது. எனினும் எல்லாப் பிளக்-இன் வாகனங்களும் இப்படி இல்லை. ஏழு இருக்கைகள் கொண்ட 2023 மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் மின்சாரத்தில் 61 கிலோமீற்றர் ஓடக்கூடியது, ஆனால் பற்றரி தீர்ந்த பின் 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 9.0 லீற்றர் கேட்கிறது. மின்தூரத்தில் அருகருகே நிற்கும் இரண்டு வாகனங்கள் பற்றரி தீர்ந்த பின் சராசரிப் பெற்றோல் செலவில் ஒன்றரை மடங்கு வேறுபடுகின்றன என்பதை முதல் அளவு காட்டாது.

இதை ஒரு பயணத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்காபரோவிலிருந்து மொன்றியல் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். ராவ்4 ஹைபிரிட் நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கு 6.3 லீற்றர் என்ற மதிப்பில் 34 லீற்றர் பெற்றோலை எடுக்கும். பிரைம் வீட்டில் ஏற்றிய மின்சாரத்தில், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு 60 கிலோமீற்றர் ஓடிவிட்டு மீதிக்கு 31 லீற்றர் அளவில் எடுக்கும். திரும்பி வரும்போது அங்கே சார்ஜ் செய்ய இடம் இல்லையென்றால் இரண்டும் சமம். ஆக, போய்வர ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் ஓடியும் மிச்சமாவது மூன்று லீற்றர் மட்டுமே. அவுட்லாண்டரில் அதே பயணம் ராவ்4 ஹைபிரிட்டை விட இருபது லீற்றருக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். மூன்றாவது வரிசை இருக்கை உண்மையாகவே தேவைப்படும் குடும்பத்துக்கு அந்தச் செலவு நியாயமானதாக இருக்கலாம். தேவைப்படாதவர்கள் அதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஆண்டு ஓட்டத்தைப் பிரித்துப் பார்க்காமல் விலையை ஒப்பிடுவது

நெடும்பயணம் சமநிலையில் முடிவதால், பிளக்-இன்னுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைத் திருப்பித் தருவது ஊருக்குள் ஓடும் ஓட்டம் மட்டுமே. வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்குமாக நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மொத்தம் 15,000 கிலோமீற்றர். அதில் 4,000 நெடும்பயணம், 11,000 உள்ளூர். குளிர்காலத்தையும் சில நீண்ட நாட்களையும் கழித்துவிட்டு 9,500 கிலோமீற்றர் மின்சாரத்தில் ஓடும் என்று வைப்போம். பிரைம் 100 கிலோமீற்றருக்குச் சுவரிலிருந்து ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் எடுக்கிறது. சார்ஜ் செய்யும்போது வீணாவதும் இதில் அடங்கும். விநியோகக் கட்டணமும் சேர்ந்து ஒரு யூனிட் 12 சதம், பெற்றோல் லீற்றர் 1.50 டொலர் என்று கணக்குக்காக எடுத்தால், 100 கிலோமீற்றருக்கு மின்சாரம் 2.70 டொலருக்குள்ளும் பெற்றோல் 9 டொலரும் ஆகும். ஆண்டுச் சேமிப்பு ஏறத்தாழ 600 டொலர்.

இனி இரண்டு காருக்கும் உங்களுக்குக் கிடைத்த விலைகளை, ஒரே வசதிகள் கொண்ட மாடல்களாகப் பார்த்து, வரியுடன் கழித்துப் பாருங்கள். வேறுபாடு 3,000 டொலர் என்றால் ஐந்து ஆண்டுகளில் திரும்பும். 6,000 என்றால் பத்து ஆண்டுகள் ஆகும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு மின்சாரத்தில் ஓடும் உள்ளூர் ஓட்டம் 4,000 கிலோமீற்றராகச் சுருங்கினால், சேமிப்பு ஆண்டுக்கு 250 டொலராகக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் சார்ஜ் வசதி இருந்தாலும் முழு ஹைபிரிட்டையே வாங்கச் சொல்வேன். மானியத்தை நம்பிக் கணக்குப் போடுவதும் ஆபத்தானது: பிளக்-இன் வாகனங்களுக்கும் உதவிய கனடிய மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டம் 2025 சனவரியில் நிதி தீர்ந்து இடைநிறுத்தப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒவ்வோர் இரவும் கேபிளைச் செருகுவார்கள் என்பதை நம்பியே நிற்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், வாகனங்களிலிருந்தே திரட்டிய தரவுகளின்படி, பிளக்-இன் ஹைபிரிட்டுகளின் உண்மையான கரியமிலவாயு வெளியீடு ஆய்வுகூட மதிப்பை விடச் சராசரியாக 3.5 மடங்காக இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அவை சார்ஜ் செய்யப்படவில்லை என்பது அதன் முதன்மைக் காரணம். கேபிள் எட்டாத இடத்தில் இரண்டாவது கார் நிற்கும் வழக்கமுள்ள வீடுகள், எந்தக் கார் எங்கே நிற்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டு சார்ஜரிலும் கட்டணத் திட்டத்திலும் அவசரப்படுவது

பிளக்-இன் வாங்கியவுடன் 240 வோல்ற் சார்ஜர் பொருத்தியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண 120 வோல்ற் இணைப்பில் பிரைமின் பற்றரி முழுவதும் நிரம்ப ஏறத்தாழ 12 மணிநேரம் ஆகும். ஒன்ராறியோவின் மிகக்குறைந்த இரவுக் கட்டணம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை எட்டு மணிநேரம் நீடிக்கிறது. அந்த நேரத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 45 கிலோமீற்றர் அளவுக்கு ஏறிவிடும். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு அதுவே போதும்; 60 கிலோமீற்றர் ஓடுபவருக்குத்தான் சார்ஜர் செலவு பொருள்படும். பழைய வீடுகளில் அந்த பிளக் பொயின்ற் இருக்கும் சர்க்கியூட்டில் வேறு எதுவும் ஓடாமல் இருப்பதை மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு உறுதிசெய்வது அவசியம், ஏனெனில் பல மணிநேரம் இடைவிடாமல் மின்சாரம் எடுக்கப்படும்.

மலிவான இரவுக் கட்டணத் திட்டம் காருக்கு மட்டும் பொருந்துவதில்லை, வீடு முழுவதற்கும் பொருந்துகிறது. அத்திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் இரவு 9 வரை கட்டணம் மிக அதிகம். குடும்பங்கள் சமைப்பதும் கோடையில் குளிரூட்டியைப் போடுவதும் அந்த நேரத்தில்தான். வேலையால் வந்தவுடன் காரைச் செருகிவிட்டு நேரக்கட்டுப்பாட்டை அமைக்க மறந்தால், மிக விலையுயர்ந்த மின்சாரத்தை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். காரிலேயே இருக்கும் சார்ஜ் அட்டவணையை வாங்கிய அன்றே அமைத்துவிட வேண்டும்.

பயணத்தின்போது பற்றரியைத் தவறான இடத்தில் செலவழிப்பது

எதையும் தொடாமல் புறப்பட்டால் பிரைம் முதலில் மின்சாரத்தில்தான் ஓடும். போய்ச் சேரும் இடத்தில் சார்ஜ் செய்ய முடியுமானால் அப்படியே விட்டுவிடலாம். முடியாதென்றால், நெடுஞ்சாலையில் ஏறியவுடன், முழு ஹைபிரிட்டைப் போல எஞ்சினைக் கொண்டு ஓடும் HV முறைக்கு மாற்றி, பற்றரியை நகரத்து நெரிசலுக்குச் சேமித்து வையுங்கள். காற்றின் தடை கூடிய வேகத்தில் மின்தூரம் சுருங்கும், மெதுவாக நகரும் தெருக்களில் அதே மின்சாரம் அதிக தூரம் கொண்டுசெல்லும். ஓடும்போதே எஞ்சினைக் கொண்டு பற்றரியை நிரப்பும் முறையை மட்டும் பயன்படுத்த வேண்டாம், ஏனெனில் பெற்றோலை மின்சாரமாக்கி மீண்டும் இயக்கமாக்கும்போது ஒவ்வொரு படியிலும் ஆற்றல் வீணாகிறது. வழியில் உள்ள விரைவு சார்ஜர்களை நம்பியும் திட்டமிட முடியாது. அந்தத் தலைமுறைப் பிரைமில் விரைவு சார்ஜ் வசதியே இல்லை, 240 வோல்ற்றில்கூட மாடலுக்கேற்ப இரண்டரை முதல் நாலரை மணிநேரம் ஆகும்.

குளிர்காலத்தில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால், பற்றரி நிறைந்திருந்தாலும் உள்ளே சூடேற்றுவதற்காக பிரைமின் எஞ்சின் இயங்கத் தொடங்கும். அது பழுதல்ல. பிளக்கில் இருக்கும்போதே காரின் உட்புறத்தைச் சூடாக்கிவிட்டுப் புறப்பட்டால் பற்றரியின் மின்சாரம் ஓட்டத்துக்கு மிஞ்சும்.

கடைசியாக, பெட்டிகள் வைக்கும் இடம். பெரிய பற்றரி தரைக்கடியில் இருப்பதால் பிரைமின் பின்புறக் கொள்ளளவு ஏறத்தாழ 950 லீற்றர், ஹைபிரிட்டில் 1,060. பிள்ளை வண்டியும் நான்கு பேரின் பெட்டிகளும் போகும் குடும்பம், காரைப் பார்க்கப் போகும்போது அவற்றையும் கொண்டுபோய் ஏற்றிப் பார்க்கலாம். மேலதிக டயர் இருக்கிறதா, பழுதுபார்க்கும் கருவிப்பெட்டி மட்டும் இருக்கிறதா என்பதையும் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பெரிய பற்றரிக்கு இடம் விடுவதற்காகப் பல பிளக்-இன் மாடல்களில் முதலில் நீக்கப்படுவது அந்த டயர்தான்.