200 கி.மீ. ஃபைபரில் குவாண்டம் பின்னல்: நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்து, படிப்படியாக

தூரத்தில் உள்ள இரண்டு குவாண்டம் பொருள்களின் நிலைகள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே பின்னல். அதை ஃபைபர் வழியே கொண்டுபோவது ஃபோட்டான்கள். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல ஃபைபரின் இழப்பு கி.மீ.க்குச் சுமார் 0.2 டெசிபெல். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 100 கி.மீ. போனால் நூறு ஃபோட்டானில் ஒன்றுதான் மிஞ்சும், 200 கி.மீ.யில் பத்தாயிரத்தில் ஒன்று. சாதாரண இணையத் தொடர்பில் வழியில் பெருக்கி வைத்துச் சமாளிக்கிறோம். குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாது என்று 1982லேயே நிரூபித்துவிட்டதால், பெருக்கி இங்கே உதவாது.

இதற்கு வழியாகச் சொல்லப்படுவது பின்னல் இடமாற்றம்: இரண்டு பின்னிய ஜோடிகளை நடுவில் சேர்த்து அளந்து, தொலைவில் உள்ள இரு முனைகளையும் பின்னிவிடுவது. 1993ல் கருத்தாக வந்தது, 1998ல் பரிசோதனையில் நடந்தது. அதே 1998ல் பிரீகல், டூர், சிராக், ஸோலர் நால்வரும் அதை அடிப்படையாக வைத்து ரிப்பீட்டர் திட்டத்தை முன்வைத்தார்கள். புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: ஃபைபரைத் துண்டாக்கி நடுவில் இடமாற்றம் செய்தாலே இழப்பு தீர்ந்துவிடும் என்று. தீராது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

படி 1: அமைப்பை வரைந்துகொள்ளுங்கள்

மூன்று நிலையங்கள்: கிழக்கு, நடு, மேற்கு. கிழக்குக்கும் நடுவுக்கும் 100 கி.மீ., நடுவுக்கும் மேற்குக்கும் 100 கி.மீ. கிழக்கிலும் மேற்கிலும் தலா ஒரு மெமரி க்யூபிட், அதாவது குவாண்டம் நிலையைத் தேக்கிவைக்கும் ஒரு குவாண்டம் பிட். நடுவில் இரண்டு, அவற்றை நடு1, நடு2 என்போம். நடு1 கிழக்கைப் பார்த்திருக்கும், நடு2 மேற்கைப் பார்த்திருக்கும்.

மெமரியாகப் பிடித்துவைத்த அயனியோ, வைரத்தில் உள்ள நைட்ரஜன் குறைபாட்டு மையமோ இருக்கலாம். ஒவ்வொரு மெமரியும் தன்னோடு பின்னிய ஒரு ஃபோட்டானை வெளிவிடும். அந்த ஃபோட்டான் பெரும்பாலும் ஃபைபருக்கு ஏற்ற அலைநீளத்தில் இருக்காது. கால்சியம் அயனி தருவது 854 நானோமீட்டர். அந்தப் பகுதியில் கி.மீ.க்கு 2 முதல் 3 டெசிபெல் போய்விடும். அதனால் ஃபைபருக்குள் விடும் முன்பே 1550க்கு மாற்றும் அலைநீள மாற்றி வேண்டும். இன்ஸ்ப்ரூக்கில் 2023ல் இரண்டு கால்சியம் அயனிகளை வைத்து, இருபுறமும் 25 கி.மீ. ஃபைபரோடு ஒரு ரிப்பீட்டர் நிலையத்தை இயக்கியபோது இப்படித்தான் செய்தார்கள்.

படி 2: ஒரு துண்டுக்குக் கணக்குப் போடுங்கள்

கிழக்கு–நடு துண்டை எடுத்துக்கொள்வோம். இரு மெமரிகளும் விட்ட ஃபோட்டான்கள் துண்டின் மையத்தில், 50 கி.மீ. தள்ளி, ஒரு பீம் ஸ்ப்ளிட்டரில் சந்திக்கின்றன. அங்கே டிடெக்டர்கள் சரியான ஜோடியாக ஒலித்தால் கிழக்கும் நடு1ம் பின்னிவிட்டன என்று பொருள்.

50 கி.மீ.யில் பத்தில் ஒரு ஃபோட்டான் தப்பும். வெளியீடு, அலைநீள மாற்றி, டிடெக்டர் எல்லாம் சேர்த்து 0.3 திறன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஃபோட்டானுக்கு 0.03. இரண்டும் வர வேண்டும். அதோடு, கூடுதல் ஃபோட்டான்களின் உதவியில்லாமல் பீம் ஸ்ப்ளிட்டரும் டிடெக்டரும் மட்டும் இருந்தால் பெல் நிலைகள் எனப்படும் நான்கு முழுப் பின்னல் நிலைகளில் இரண்டைத்தான் பிரித்தறிய முடியும். ஆகவே பாதி போய்விடும்.

```
p = 0.5 * 0.03 * 0.03 = 4.5e-4
```

ஃபைபரில் ஒளிக்கு ஒரு கி.மீ. கடக்க 5 மைக்ரோநொடி. ஃபோட்டான் மையத்துக்குப் போக 250, ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்ற செய்தி திரும்பி வர இன்னொரு 250. அந்தச் செய்தி வரும்வரை மெமரியை மறுபடி தொடக்கூடாது. அதனால் ஒரு முயற்சிக்கு 0.5 மில்லிநொடி. சராசரியாக 2,222 முயற்சிகள், அதாவது 1.1 நொடி.

படி 3: இடமாற்றம்

இரண்டு துண்டுகளும் தயாரான பிறகு நடு நிலையத்தில் நடு1, நடு2 இரண்டின் மேலும் பெல் அளவீடு செய்கிறோம். இதைப் பயமுறுத்தும் கணிதமாகப் பார்க்க வேண்டாம். அளவீடு கேட்பது இரண்டே கேள்விகள்: Z திசையில் நீங்கள் இருவரும் ஒன்றா, எதிரா? X திசையில் ஒன்றா, எதிரா? தனித்தனியாக யாருடைய மதிப்பையும் அது கேட்பதில்லை, அதனால்தான் பின்னல் அழியாமல் கைமாறுகிறது.

கிழக்கும் நடு1ம் Z திசையில் ஒன்று. நடு2ம் மேற்கும் ஒன்று. இப்போது நடு1ம் நடு2ம் ஒன்று என்று பதில் வந்தால் கிழக்கும் மேற்கும் தாமாகவே ஒன்று. எதிர் என்று வந்தால் மேற்கைப் புரட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். X திசைக்கும் இதே தர்க்கம்.

```
CNOT n1 -> n2         # n1, n2: நடு1, நடு2
H    n1
m1 = measure(n1)      # X திசைக் கேள்வி
m2 = measure(n2)      # Z திசைக் கேள்வி

# மேற்கு நிலையத்தில், w அங்குள்ள க்யூபிட்
if m2 == 1: X w
if m1 == 1: Z w
```

இங்கே இரண்டு க்யூபிட்டும் ஒரே நிலையத்தில், மெமரிக்குள்ளேயே இருப்பதால் நேரடியாகக் கேட் போடலாம்; படி 2ல் பார்த்த பாதித் தோல்வி இங்கே கிடையாது. m1, m2 இரண்டு பிட்டும் சாதாரணச் செய்தியாக மேற்குக்குப் போக 0.5 மில்லிநொடி ஆகும். அது வந்து சேரும்வரை மேற்கின் க்யூபிட்டால் பயனில்லை.

படி 4: மெமரி இல்லாமல் முயன்று பாருங்கள்

ஒப்பிட மூன்று கணக்குகள். முதலில், ரிப்பீட்டரே இல்லாமல் கிழக்கு–மேற்கு நேரடியாக: ஃபோட்டான்கள் தலா 100 கி.மீ. போகின்றன, ஒன்றுக்கு 0.003, வெற்றி வாய்ப்பு 4.5e-6, ஒரு முயற்சிக்கு 1 மில்லிநொடி. சராசரி 222 நொடி.

அடுத்து, நடு நிலையம் உண்டு, ஆனால் மெமரி எதையும் தேக்கிவைக்காது என்று வையுங்கள். இரண்டு துண்டும் ஒரே முயற்சியில் வென்றாக வேண்டும். வாய்ப்பு p × p, சுமார் 2e-7. சராசரி ஏறக்குறைய 2,470 நொடி, அதாவது 41 நிமிடம். நேரடி வழியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மோசம்!

மூன்றாவது, மெமரியோடு. முதலில் வென்ற துண்டு காத்திருக்கும், மற்றது மட்டும் முயன்றுகொண்டே இருக்கும். இதற்குச் சூத்திரம் உண்டு (சுமார் 1.5/p முயற்சிகள்), ஆனால் ஓட்டிப் பார்ப்பதுதான் மனதில் நிற்கும்:

```python
import random, math
p, T = 4.5e-4, 5e-4
def tries():
    return math.ceil(math.log(1 - random.random()) / math.log(1 - p))
N = 20000
total = gap = 0
for _ in range(N):
    a, b = tries(), tries()
    total += max(a, b) * T
    gap   += abs(a - b) * T
print(total / N, gap / N)
```

முதல் எண் 1.67 நொடியை ஒட்டி வரும். 222 எங்கே, 1.67 எங்கே! ஃபைபரும் டிடெக்டரும் அதேதான். லாபம் முழுக்க ‘காத்திருக்க முடியும்’ என்பதிலிருந்து வருகிறது.

இரண்டாவது எண்ணைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அது சுமார் 1.1 நொடி: முதலில் தயாரான ஜோடி சராசரியாகக் காத்திருக்கும் நேரம். அந்த நேரம் முழுக்கக் கிழக்கும் நடு1ம் இரண்டுமே சிதைந்துகொண்டிருக்கும். கட்டச் சிதைவு மட்டும் என்று கொண்டால், t நேரத்துக்குப் பின் ஃபிடெலிட்டி, அதாவது ஜோடி விரும்பிய பின்னல் நிலைக்கு எவ்வளவு நெருக்கம் என்ற அளவு:

```
F = (1 + exp(-2t/T2)) / 2
```

மெமரியின் T2, அதாவது கட்டத்தை அது காத்துவைக்கும் கால அளவு, ஒரு நொடி என்றால் 1.1 நொடிக் காத்திருப்பில் F சுமார் 0.55. பின்னலே இல்லாத ஜோடியின் எல்லை 0.5, அதை உரசிக்கொண்டு நிற்கிறது. T2 பத்து நொடி என்றால் 0.90. ஆக, மெமரி வாங்கும்போது ‘எத்தனை மில்லிநொடி தாங்கும்’ என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கேள்வி. T2, சராசரிக் காத்திருப்பைப் போல எத்தனை மடங்கு என்பதே சரியான கேள்வி.

நீண்ட ஆயுளுள்ள மெமரி கிடைக்கவில்லையா? ஒவ்வொரு துண்டிலும் 100 மெமரி ஜோடிகளை ஒரே நேரத்தில் முயலவிடுங்கள். ஏதாவது ஒன்று வெல்லும் வாய்ப்பு 0.044 ஆகிவிடும், காத்திருப்பு சுமார் 11 மில்லிநொடிக்கு இறங்கும், ஒரு நொடி T2 உள்ள மெமரியே 0.99 அளவில் தந்துவிடும். நிபந்தனை ஒன்று: நடு நிலையம் கிழக்குப் பக்கம் வென்ற எந்த மெமரியையும் மேற்குப் பக்கம் வென்ற எதோடும் அளவிடக் கூடியதாக இருக்க வேண்டும்.

துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. ஒவ்வொரு துண்டும் 0.95 ஃபிடெலிட்டியோடு, எல்லாத் திசையிலும் சமமான இரைச்சலோடு இருந்தால், இரண்டு துண்டுக்கு 0.903, நான்குக்கு 0.819, எட்டுக்கு 0.682. இடமாற்றம் பிழைகளையும் சேர்த்தே கடத்துகிறது. அதற்குமேல் போக, பல மங்கல் ஜோடிகளைச் செலவழித்து ஒரு நல்ல ஜோடி எடுக்கும் வடிகட்டல் வேண்டும். அது தனிப் பாடம்.

படி 5: கெட்டால் எங்கே கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

கடைசி ஜோடியின் ஃபிடெலிட்டியை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. இரு முனைகளையும் ஒரே திசையில் அளக்கும் ZZ, XX, YY என்ற மூன்று ஒப்புமைகளையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். சரியாக ஓடினால் ZZ, XX இரண்டும் +1ஐ ஒட்டி, YY −1ஐ ஒட்டி இருக்கும்.

மூன்றுமே பூஜ்யமா? முதலில் வன்பொருளைச் சந்தேகிக்காதீர்கள். m1, m2 திருத்தம் மேற்கில் போடப்படவே இல்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். அளவீட்டுத் தரவை நான்கு விடைகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு குவியலிலும் தெளிவான ஒப்புமை எழுந்து வந்தால் அதுதான் காரணம்.

ZZ, XX பூஜ்யம், YY மட்டும் −1 அப்படியே நிற்கிறதா? m1ம் m2ம் இடம் மாறிவிட்டன. 00, 11 விடைகளுக்கு மாற்றிப் போட்டாலும் ஒன்றுதான். 01, 10 வரும்போது மட்டும் எதிர் நிலை வந்துவிடுகிறது. YYஐ அளக்காதவர் இதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் அலைய நேரும்.

ZZ நன்றாக இருக்க XX, YY மட்டும் தேய்ந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று மெமரியின் கட்டச் சிதைவு. மற்றது, மையத்தில் சந்திக்கும் ஃபோட்டான்கள் ஒன்றுபோல் இல்லை. தரவைக் காத்திருப்பு நேரப்படி வரிசைப்படுத்தினால் தெரிந்துவிடும். காத்திருப்பு கூடக்கூடத் தேய்ந்தால் மெமரி. உடனே வென்ற ஜோடிகளிலும் அதே தேய்மானம் என்றால் ஃபோட்டான்கள்.

ஃபோட்டான்கள்தான் என்றால் வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு டிகிரி மாறினால் ஒரு கி.மீ. ஃபைபரில் பயண நேரம் சுமார் 40 பிகோநொடி மாறும், 50 கி.மீ.க்கு 2 நானோநொடி. உங்கள் ஃபோட்டான் 12 நானோநொடி நீளமானால் ஓரளவு தாங்கும். 100 பிகோநொடித் துடிப்பானால் 0.05 டிகிரியிலேயே சந்திப்பு தவறிவிடும். இரண்டு கைகளின் வருகை நேரத்தையும் தொடர்ந்து அளந்து, முந்தி வரும் கையில் அதைச் சரிப்படுத்தும் தாமதக் கோடு போடுங்கள். போட்ட பிறகு பீம் ஸ்ப்ளிட்டரில், ஒன்றுபோன்ற ஃபோட்டான்கள் சந்திக்கும்போது இருபக்க டிடெக்டர்களும் சேர்ந்து ஒலிப்பது குறையும் ஹாங்–ஊ–மாண்டல் பள்ளத்தின் ஆழத்தை மறுபடி அளந்து, பழைய அளவுக்கு வந்ததா என்று பார்த்த பின்பே மெமரிகளை இணையுங்கள்.