5 வீதத்தைப் பிடிக்காமல் விட்டால் யார் கட்டுவது? சேவைக் கட்டணத்தில் நிறுத்திவைத்தல் வரி

2024 ஓகஸ்ட் மாதம். மட்டக்களப்பில் நான் கணக்குப் பார்க்கும் ஓர் அமைப்பு, வாகரைப் பக்கம் இரண்டு பாடசாலைகளில் மலசலகூடம் கட்டிக்கொண்டிருந்தது. வேலையை மேற்பார்வை செய்ய ஒரு சிவில் பொறியியலாளரை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். 6ஆம் திகதி அவர் 60,000 ரூபாய்க்கு ஒரு பில் தந்தார், கொடுத்தாயிற்று. 27ஆம் திகதி 75,000க்கு இன்னொரு பில். அதையும் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். வவுச்சரில் எல்லாக் கையெழுத்தும் இருந்தது. வரி மட்டும் பிடிக்கப்படவில்லை.

நான் அதைக் கண்டுபிடித்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. பொறியியலாளர் கட்டாரில் வேலைக்குப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டேன். "தம்பி, நான் ஒரு தரமும் ஒரு இலட்சம் எடுக்கலையே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சட்டம் பில்லைப் பார்ப்பதில்லை, மாதத்தைப் பார்க்கிறது.

2023 ஜனவரி 1 முதல், இலங்கையில் வதியும் ஒரு தனியாள் ஊழியராக இல்லாமல் சுயாதீனமாகச் சேவை வழங்கினால், அவருக்குப் பணம் கொடுப்பவர் நிறுத்திவைத்தல் வரியாக 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, வைத்தியர், மென்பொருள் உருவாக்குபவர், ஆய்வாளர் போன்றோரைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விரிவுரை, பரீட்சை வேலை, முகவர் தரகு ஆகியவையும் இதற்குள் வரும். வாகரைக் கதை நடந்த 2024/25 மதிப்பீட்டு ஆண்டில் மாதத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை பிடிக்கத் தேவையில்லை. எல்லைத் தொகையை அரசாங்கம் மாற்றக்கூடியது என்பதால், நீங்கள் பணம் கொடுக்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு பிழைகள் ஒட்டிப் பிறந்தவை. முதலாவது, ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக எல்லையோடு ஒப்பிடுவது. இரண்டாவது, எல்லைக்கு மேலே போன தொகைக்கு மட்டும் 5 வீதம் போடுவது. நமது கதையில் ஓகஸ்ட் மாதக் கொடுப்பனவு 60,000 கூட்டல் 75,000, அதாவது 135,000. எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டியதும் முழுத் தொகைக்கும் வரி வரும். 35,000க்கு 5 வீதம் என்று 1,750 பிடித்தால் அது பிழை. 135,000க்கு 5 வீதம், 6,750 ரூபாய்தான் சரி. முதல் கொடுப்பனவில் எதுவும் பிடிக்கப்படாததால், 27ஆம் திகதிக் காசோலையிலேயே மொத்தமாக 6,750ஐயும் கழித்து 68,250க்கு எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது பில் வரும்போது "இந்த மாதம் இவருக்கு ஏற்கனவே எவ்வளவு கொடுத்திருக்கிறோம்?" என்று லெட்ஜரைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். இப்போது நான் சேவைக் கொடுப்பனவு வவுச்சர்களில் "இம்மாதம் இதுவரை கொடுத்தது" என்று ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.

பிடிக்காமல் விட்டால் "அது அவருடைய வரி, அவரே கட்டட்டும்" என்று சொல்லித் தப்ப முடியாது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காதவரே அந்தத் தொகைக்குப் பொறுப்பு. அதனால்தான் அந்த அமைப்பு 6,750 ரூபாயைத் தன் பணத்திலிருந்து கட்டியது. பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 1.5 வீத வட்டி, மாதத்துக்கு ஏறக்குறைய 101 ரூபாய். தண்டப்பணம் வந்தால் அது வேறு. சின்னத் தொகைதான். ஆனால் கொடையாளரின் பாதீட்டில் "நாங்கள் விட்ட பிழை" என்று ஒரு தலைப்பு கிடையாதே. வரியைக் கட்டியபின் பொறியியலாளரிடம் திருப்பிக் கேட்கலாம். கட்டாரில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்பது உங்கள் திறமை.

சிலர் இதற்குப் பயந்து ஒப்பந்தத்திலேயே "கைக்கு 150,000" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி எழுதினால் மொத்தக் கட்டணம் 150,000 அல்ல. 150,000ஐ 0.95ஆல் பிரிக்க வேண்டும்: 157,894.74. அதில் 5 வீதம் 7,894.74. 150,000க்கே 5 வீதம் போட்டு 7,500 கட்டினால் குறைவாகக் கட்டியதாகிவிடும். முடிந்தவரை மொத்தத் தொகையையே ஒப்பந்தத்தில் எழுதி, "சட்டப்படியான வரி கழிக்கப்படும்" என்று ஒரு வாசகமும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, யார் தனியாள் என்ற குழப்பம். கல்முனையில் ஒரு கணினி வேலைக்காரர், கடிதத் தலைப்பில் ஆங்கிலத்தில் பெரிய பெயர், கடைசியில் "சொலூஷன்ஸ்" என்று இருக்கும். அதைப் பார்த்துக் கம்பனி என்று எண்ணி வரி பிடிக்காமல் விடுவார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு ஒருவரைக் கம்பனி ஆக்கிவிடாது. ஒருவர் தனியே நடத்தும் தொழில், எந்தப் பெயரில் நடந்தாலும், அவர் தனியாள்தான். கம்பனிப் பதிவாளரிடம் பதிந்த தனியார் கம்பனி என்றால் இந்த 5 வீதம் வராது. பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் நல்ல துப்பு.

மாதச் சம்பளம் போலக் கொடுத்து, நேரத்துக்கு வரச் சொல்லி, லீவும் கொடுத்து, தாளில் மட்டும் "ஆலோசகர்" என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அவர் ஊழியர். அவருக்கு ஊழியர் வருமானத்துக்கான முற்பண வரிதான் பொருந்தும், 5 வீதம் அல்ல. வெளிநாட்டில் வதியும் ஒருவரிடம் சேவை வாங்கினால் வீதமும் மாறும், 14 வீதம். அந்த நாட்டோடு இரட்டை வரி உடன்படிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, பிடித்தாயிற்று. இனி கட்டுவது. பணம் கொடுத்த மாதம் முடிந்து 15 நாட்களுக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஓகஸ்ட் மாத வரிக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 15. 2024இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. 16 மீலாத் விடுமுறை, 17 போயா. 13ஆம் திகதி வெள்ளிக்கிழமையே கட்டாதவர்கள் அந்த மூன்று நாளும் காத்தான்குடியில் வட்டிலப்பம் சாப்பிட்டாலும் வயிற்றில் இறங்கியிராது. கடைசி நாளை நாட்காட்டியில் வட்டமிடுவதைவிட, மாதம் பிறந்து முதல் வாரத்தில் கட்டிவிடுவதே என் வழக்கம்.

கட்டும்போது நடக்கும் பிழை பெரும்பாலும் தொகையில் இல்லை. அடையாள இலக்கம், வரி வகை, காலப்பகுதி என்ற மூன்றில்தான் இருக்கும். கட்டுவது கொடுப்பவரின் கடமை என்பதால், உங்களுடைய டின் இலக்கத்தின் கீழ்தான் கட்ட வேண்டும். "அவருடைய வரிதானே" என்று பொறியியலாளரின் டின் இலக்கத்தைப் போட்டால், பணம் அவருடைய கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பெயரில் நிலுவை அப்படியே நிற்கும். நிறுத்திவைத்தல் வரிக்குப் பதிலாக உங்கள் சொந்த வருமான வரியையோ ஊழியர் முற்பண வரியையோ தெரிவுசெய்தாலும் இதே கதைதான். ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் கடிதம் வரும், நீங்களோ "கட்டிவிட்டோமே" என்று பற்றுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கு ஓடுவீர்கள். கட்டியது உண்மை, தவறான பெட்டியில். பற்றுச்சீட்டு கைக்கு வந்த அன்றே அந்த மூன்றையும் வவுச்சரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பிழையை அங்கேயே பிடித்து எழுத்தில் திருத்தம் கேட்கலாம்.

அப்புறம் அறிக்கை. மாதா மாதம் கட்டுவதோடு கடமை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். திணைக்களத்துக்குப் போவது ஒரு மொத்தத் தொகை மட்டுமே. அது யார் யாருடைய வரி என்பது ஆண்டறிக்கையில்தான் தெரியவரும். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். அறிக்கை கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30. ஒவ்வொரு சேவையாளரின் பெயர், இலக்கம், கொடுத்த தொகை, பிடித்த வரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆகவே டின் இலக்கத்தை முதல் பில்லோடு சேர்த்தே வாங்குங்கள். ஏப்ரல் மாதத்தில் பழைய சேவையாளர்களைத் தேடித் தொலைபேசி எடுப்பது, சித்திரை வருசத்தில் ஒருவரும் எடுக்காத அழைப்பு.

இதில் எல்லோரும் விழும் குழி மார்ச் மாதம். 2025 மார்ச் 28இல் ஒருவருக்கு 120,000 கொடுத்து 6,000 பிடித்தீர்கள் என்று வையுங்கள். அதைக் கட்டுவது ஏப்ரல் 10இல். வங்கிக் கூற்றைப் பார்த்து அறிக்கை தயாரிப்பவர் அதை அடுத்த ஆண்டில் போட்டுவிடுவார். பணம் கொடுத்த நாளே கணக்கு, ஆகவே அது 2024/25 அறிக்கைக்கு உரியது. நான் பிடித்த மாதம், கட்டிய நாள் என்று இரண்டு நிரல் வைத்து, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரிசை எழுதுவேன். பிடித்த மாத நிரலின் கூட்டுத்தொகையும் அறிக்கையின் கூட்டுத்தொகையும் ஒரு சதம் பிசகாமல் ஒத்துவந்தால்தான் அனுப்புவேன்.

சேவையாளருக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழைத்தான் அதிகம் மறக்கிறார்கள். பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் அது அவர் கைக்குப் போக வேண்டும். பிடித்த 5 வீதம் அவருடைய இறுதி வரி அல்ல, முன்கூட்டிக் கட்டிய பங்கு. மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரி விவரத்திரட்டை அடுத்து வரும் நவம்பர் 30க்குள் கொடுக்கும்போது, இந்தச் சான்றிதழைக் காட்டித்தான் அவர் தன் வரியில் கழித்துக்கொள்வார். சான்றிதழில் மார்ச், உங்கள் அறிக்கையில் ஏப்ரல் என்று இருந்தால் அவருடைய கழிப்பு மாட்டிக்கொள்ளும்.

கட்டாரில் இருந்த பொறியியலாளர் அடுத்த வருடம் நவம்பரில் எனக்குக் குரல் பதிவு அனுப்பினார். 6,750க்குச் சான்றிதழ் வேண்டுமாம், விவரத்திரட்டில் போடுவதற்கு. அமைப்பு கட்டிய பணத்தை முதலில் திருப்பித் தாருங்கள், சான்றிதழ் அன்றே வரும் என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்தது.