நடுவில் முடிச்சு வேண்டாம்: துணி, பாட்டில், கயிற்றில் விளையாட்டுப் பொருள் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் ஆசிரியர் தன் பள்ளிக்காகச் செய்த பொருட்களை என் முன்னால் பரப்பி வைத்தார். மணல் நிரப்பிய பாட்டில்கள், துணிப் பந்துகள், கடைசியாகப் பையிலிருந்து எடுத்த கயிறு இழுக்கும் போட்டிக்கான கயிறு. அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு பிளாஸ்டிக் கயிறுகளை நடுவில் முடிச்சுப் போட்டு இணைத்து, முடிச்சின் மேலேயே சிவப்புத் துணி கட்டி, இரண்டு முனையிலும் கை நுழையும் அளவுக்குக் கண்ணி வைத்திருந்தார். பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் ஏறக்குறைய இதே கயிறுதான்.

வெட்டிய பாட்டிலின் விளிம்பு கையைக் கிழிக்கும், ஊசியைத் துணிக்குள் மறந்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மனதோடு மெனக்கெட்டுச் செய்பவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புவது

ஓடுபாதையில் அடையாளத்துக்கு நிறுத்தும் பாட்டில் காற்றில் விழக்கூடாது என்று கழுத்துவரை மணல் கொட்டுவார்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய உலர்ந்த மணல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஓடி வரும் குழந்தையின் கால் அதில் பட்டால் பாட்டில் நகராது, கணுக்கால்தான் மடங்கும். அடியில் நாலு விரல் உயரத்துக்கு மணல் போதும். எடை கீழே இருப்பதால் காற்றுக்கு நிற்கும், கால் பட்டால் சாய்ந்துவிடும். மணலை நன்றாக வெயிலில் காய வைத்த பிறகே போடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே கட்டியாகி ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பாட்டில் நேராக நிற்காது.

கைக்கு எடையாகத் தூக்கும் பாட்டில் வேறு விஷயம். அதை முழுக்க நிரப்பலாம். தண்ணீர் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, கணக்கும் சுலபம்.

தடை தாண்டும் கயிற்றை இரு பக்கமும் கட்டுவது

கட்டாதீர்கள். கால் பட்டதும் கயிறு கீழே விழ வேண்டும். பாட்டிலின் தலையில் சும்மா படுத்திருந்தால் போதும்.

இழுக்கும் கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டுவது

இனி அந்தக் கயிற்றுக்கு வருகிறேன். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வரும். செய்தவர் மேல் இல்லை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராததன் மேல்.

"சார், கை வழுக்காம இருக்கத்தான் கண்ணி போட்டேன்" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். கைவசம் இரண்டு கயிறு, ஒவ்வொன்றும் பாதி நீளம். சேர்த்துக் கட்டினேன், இரு முனையிலும் கண்ணி போட்டேன். பக்கத்துக்குப் பத்துப் பிள்ளைகள். மூன்றாவது ஆட்டத்தில் நடு முடிச்சுக்குப் பக்கத்தில் கயிறு அறுந்தது. ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மொத்தமாகப் பின்னால் சரிந்தார்கள். கடைசியில் நின்ற பையன் கண்ணிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்தான். மற்றவர்கள் அவன் மேல் விழ, கண்ணி கையை விடவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தான்.

ஏன் அந்த இடத்தில் அறுந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன். கயிற்றின் வால் பகுதியில் கடைசி ஆள் ஒருவரின் இழுப்பு மட்டும்தான் இருக்கும். ஒவ்வோர் ஆளைக் கடந்து நடுவை நோக்கி வர வர இழுப்பு கூடிக்கொண்டே போகும். இரண்டு அணிக்கும் இடைப்பட்ட அந்த நடுப்பகுதியில்தான் முழு அணியின் பலமும் விழுகிறது. நாம் இரண்டு கயிற்றை இணைத்தால் முடிச்சு வந்து உட்காருவதும் சரியாக அங்கேதான். முடிச்சில் கயிறு இறுக்கமாக வளைகிறது, வளைவின் வெளிப்பக்கத்து நார்களே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. சாதாரண முடிச்சு ஒன்று கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். பாரம் அதிகமாக விழும் இடத்தில் நாமாகவே கயிற்றைப் பாதியாக்கி வைக்கிறோம்.

கயிறு நைலானாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நைலான் அறுவதற்கு முன் ரப்பர் போல நன்றாக நீளும். அறுந்த நொடியில் நீண்டதெல்லாம் சாட்டை போலத் திரும்பி வரும். 1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுமார் 2,300 மாணவர்கள் சேர்ந்து இழுத்த நைலான் கயிறு அறுந்து பலர் காயமடைந்தார்கள், சிலர் விரல்களை இழந்தார்கள். 1997இல் தைவானின் தைபே நகரில் நடந்த பெரிய போட்டியில் கயிறு அறுந்து இரண்டு பேரின் கையே துண்டானது. நம் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர்தானே என்று தோன்றலாம். ஆனால் ஆள் குறைவதற்கு ஏற்ப நம் கயிறும் மெலிந்ததுதான். அதுவும் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு பார்வைக்கு முழுசாக இருக்கும். விரலால் உருவினால் பொடிப்பொடியாக நார் உதிரும். அப்படி உதிர்ந்தால் அதை இழுக்கக் கொடுக்காதீர்கள்.

சர்வதேசக் கயிறு இழுக்கும் போட்டி விதிகளும் கயிற்றில் முடிச்சோ கைப்பிடியோ இருக்கக் கூடாது என்றே சொல்கின்றன. கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பதும் விதி. வழுக்காமல் பிடிக்கக் கண்ணி தேவையில்லை, கை நிறையப் பிடிக்கும் பருமன்தான் தேவை. மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். வலி தாங்காமல் பிள்ளை அதைக் கையில் சுற்றிக்கொள்ளும். விரல் போவது அங்கேதான்.

அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து பழைய பருத்திப் படுக்கை விரிப்புகளில் ஒரு கயிறு பின்னினோம். பக்கத்துக்கு நாலு சின்னப் பிள்ளைகள் இழுக்க எட்டு மீட்டர் கயிறு. துணியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து வைத்துத் துணியை அழுத்திப் பார்த்தோம். பிரிந்து கிழிந்த இரண்டு விரிப்புகளை ஒதுக்கினோம். நல்லதாக ஆறு விரிப்புகள் தேறின. அவற்றை நீளவாக்கில் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு நாடாக்களாக வெட்டினோம்.

நாடாக்களை முடிச்சுப் போட்டுச் சேர்க்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றை ஒரு சாண் ஏற்றி வைத்து, தையல் மெஷினில் நீளவாக்கில் ஐந்து வரிசை தைத்தோம். இப்படி 15 மீட்டர் நீளத்தில் ஒன்பது நாடாக்கள். எட்டு மீட்டர் கயிற்றுக்கு ஏன் 15 மீட்டர் என்றால், ஒவ்வொரு தடவை பின்னும்போதும் நீளத்தில் கால் பங்குக்கு மேல் பின்னல் விழுங்கிவிடும், இங்கே இரண்டு தடவை பின்னுகிறோம். மூன்று மூன்றாகப் பின்னினால் மூன்று சடைகள், அந்த மூன்றையும் மறுபடி சடை போட்டால் கயிறு. பிள்ளையின் கை நிறையும் பருமன் வந்தது.

இதில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஒன்பது நாடாக்களின் தையல்களும் ஒரே இடத்தில் வந்து விழுந்தால், முடிச்சுக்குப் பதிலாக வேறொரு பலவீனத்தை உண்டாக்கியிருப்போம். அதனால் ஒவ்வொரு நாடாவின் முதல் துண்டையும் வெவ்வேறு நீளத்தில் தொடங்கினோம்: முதலாவது 25 சென்டிமீட்டர், இரண்டாவது 50, இப்படி ஏறிக்கொண்டே. பின்னி முடித்த பிறகு எந்த இடத்தைத் தொட்டாலும் பெரும்பாலும் ஒரே ஒரு நாடாவில்தான் தையல் இருந்தது. முனைகளை நூல் சுற்றி இறுக்கித் தைத்தோம். நடு அடையாளத்துக்குச் சிவப்புத் துணியைக் கயிற்றின் மேல் வைத்துத் தைத்தோம், கட்டவில்லை.

சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். கயிற்றை ஒரு மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிப்பது தவறு. பாரம் இரண்டாகப் பிரிந்துவிடும், கயிற்றின் உண்மையான பலம் தெரியாது. பக்கத்துக்கு நாலு பெரியவர்கள் தரையில் உட்கார்ந்துகொண்டு இழுத்தோம். அறுந்தாலும் விழ உயரம் இல்லை. நடுவில் மடித்த கனமான போர்வை ஒன்றைக் கயிற்றின் மேல் போட்டு வைத்தோம். கயிறு தெறித்தால் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். மெதுவாகத் தொடங்கிப் பலத்தைக் கூட்டினோம், வெடுக்கென்று இழுக்கவில்லை. பிறகு கயிறு முழுவதையும் கையால் உருவிப் பார்த்தோம். ஒரு தையல் பிரிந்திருந்தது. அந்தப் பகுதி வரை பின்னலைப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பின்னி, மறுபடி இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுத்தார்.

இந்தக் கயிற்றுக்கும் எல்லை உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இது ஆகாது. அவர்களுக்கு முடிச்சில்லாத ஒரே நீளத் தடித்த சணல் கயிறோ நார்க் கயிறோதான் வேண்டும், அது கிடைக்கும் வரை ஆட்டம் வேண்டாம். நனைந்தால் நிழலில் முழுக்கக் காய வைக்க வேண்டும், ஈரத்தோடு சுருட்டி வைத்த பருத்தி உள்ளுக்குள் இற்றுப்போகும். எந்தக் கயிறானாலும் யாரும் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. ஒரு பக்கம் திடீரென்று கயிற்றை விட்டால் எதிர்ப்பக்கம் விழும் என்பதால், விசில் ஊதியதும் முதலில் இழுப்பதை நிறுத்தி, அப்புறம் கையை எடுக்கப் பழக்க வேண்டும்.

துணிப் பந்தைத் தளர்வாக அடைப்பது

கையில் பிடித்தால் மெத்தென்று இருக்கும் பந்து இரண்டே நாளில் தட்டையாகிவிடும். நடுவில் கசக்கிய பிளாஸ்டிக் பைகள், அதன் மேல் துணி நாடாவை ஒவ்வொரு சுற்றுக்கும் திசை மாற்றி இறுக்கிச் சுற்றுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. ஆனால் எறிந்து பிடிக்கும் பந்துக்கு மட்டும் கடைசி இரண்டு மூன்று சுற்றைத் தளர விடுங்கள், முகத்தில் பட்டாலும் வலிக்காது.

ஸ்கிப்பிங் கயிற்றை எல்லோருக்கும் ஒரே நீளத்தில் வெட்டுவது

நடுவில் மிதித்து நின்றால் முனைகள் அக்குள் வரை வர வேண்டும். ஆசிரியர் கொண்டுவந்த அந்தப் பிளாஸ்டிக் கயிற்றில் நார் உதிராத பகுதிகளை இப்படி அளந்து வெட்டினோம், ஏழு ஸ்கிப்பிங் கயிறுகள் கிடைத்தன. இரண்டு கண்ணிகளையும் நடு முடிச்சையும் குப்பையில் போட்டார்.