தனியாகப் பதிந்த ஒலியை வீடியோவோடு பொருத்துவது: இரண்டு கைத்தட்டல்கள் போதும்

உப்புவெளி கடற்கரையில் ஒரு கரைவலைச் சம்மாட்டியைப் பேட்டி எடுக்கிறோம் என்று வையுங்கள். வீடியோவுக்கு ஒரு ஃபோன், மூன்று மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிற்கிறது. ஒலிக்கு இன்னொரு ஃபோன், ஐயாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சின்ன மைக் அவர் சட்டையில் குத்தியிருக்கிறது. ஐயா 35 நிமிடம் பேசுகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் இரண்டு கோப்புகள். ஒன்றில் நல்ல படமும் காற்று இரைச்சலும், மற்றதில் படமே இல்லாமல் தெளிவான குரல். இந்த இரண்டையும் உதடு பிசகாமல் ஒன்றாக்கும் வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன். மென்பொருள் `Kdenlive`. இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

1. கடற்கரையிலேயே செய்ய வேண்டியது

இரண்டு ஃபோன்களையும் விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டால் அதற்குப் பிறகு வருவதை எல்லாம் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும். ஒலிப்பதிவுச் செயலியில் `WAV`, `48 kHz` என்று தேர்ந்தெடுங்கள். வீடியோக்களில் ஒலி வழக்கமாக இருப்பது இந்த அளவில்தான். `44.1 kHz`இல் பதிந்தால் ஒலி நழுவிக்கொண்டே போகும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல, எடிட்டிங் மென்பொருள் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். நழுவலுக்கு வேறு காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

இப்போது இரண்டிலும் பதிவை ஆரம்பித்துவிட்டு, "ஐயா, ஒருக்கா கையைத் தட்டுங்கோ" என்று கேளுங்கள். அவரே தட்டுவதுதான் நல்லது. கை படத்துக்குள் இருக்கும், சத்தம் மைக்கின் பக்கத்தில் பிறக்கும். கைகளை முகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஓர் அடி அகலத்துக்கு விரித்து, ஒரே ஒரு தட்டுத் தட்டி, கைகளை அப்படியே இரண்டு விநாடி சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள். உடனே கையை எடுத்துவிட்டால் எந்த ஃபிரேமில் கை தொட்டது என்று பிறகு பார்ப்பது கஷ்டம். மூன்று நான்கு தரம் தட்டினால் எந்தத் தட்டு எந்தச் சத்தம் என்ற குழப்பம் வரும். மைக்கை ஒட்டித் தட்டவும் வேண்டாம், ஒலி உடைந்துவிடும்.

பேட்டி முடிந்ததும், பதிவை நிறுத்தும் முன், இதேபோல் இன்னொரு தட்டு. இந்த இரண்டாவது தட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீளமான பதிவுக்கு அதுதான் உயிர்.

2. ஃபோன் வீடியோவைச் சீராக்குவது

ஃபோனில் 30 ஃபிரேம் என்று போட்டிருந்தாலும் அது ஒவ்வொரு விநாடியும் சரியாக 30 ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூடிக் குறையும். இப்படிப்பட்ட வீடியோவை நேரே எடிட்டிங்கில் போட்டால் தொடக்கம் பொருந்தியிருந்தும் நடுவில் ஒலி முன்னும் பின்னும் ஆடும். ஒரே சீராக விலகாமல் ஆடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

`Kdenlive`இல் அப்படிப்பட்ட கோப்பைச் சேர்க்கும்போது அதை மாற்றிக்கொள்ளட்டுமா என்று மென்பொருளே கேட்கும். சம்மதம் கொடுத்தால் போதும். கேட்காவிட்டால், கட்டளை எழுதி ஓட்டும் இலவச மென்பொருளான `ffmpeg`இல் இந்த ஒரு வரி:

```
ffmpeg -i petti.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a pcm_s16le petti_30.mov
```

இனி `petti_30.mov` கோப்பை வைத்தே வேலை செய்யுங்கள். ப்ராஜெக்டின் ஃபிரேம் எண்ணிக்கையும் 30 ஆக இருக்கட்டும்.

3. கையால் பொருத்துவது

வீடியோவை டைம்லைனில் போடுங்கள். அதன் சொந்த ஒலியும் கூடவே ஓர் ஒலி ட்ராக்கில் வந்து உட்காரும். அதை அழிக்க வேண்டாம், சரிபார்க்க உதவும். தனி ஒலிக்கோப்பை அதற்குக் கீழே இன்னொரு ட்ராக்கில் போடுங்கள்.

வீடியோவில் கைத்தட்டல் இடத்துக்குப் போய், இடது வலது அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். ஒரு ஃபிரேமில் கைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும், அடுத்ததில் கைகள் தொட்டிருக்கும். தொட்ட அந்த முதல் ஃபிரேம்தான் நமக்கு வேண்டியது. கிளிப்பைத் தேர்ந்து `Shift+R` அழுத்தி அங்கே வெட்டி, முன்பகுதியை நீக்குங்கள்.

பிறகு ஒலிக்கோப்பு. டைம்லைனை நன்றாகப் பெரிதாக்கினால் கைத்தட்டல் அலைவடிவத்தில் ஊசிபோல் நிற்கும். ஊசியின் உச்சியில் வெட்டக் கூடாது, அது எழத் தொடங்கும் இடது விளிம்பில் வெட்டுங்கள். முன்பகுதியை நீக்கிவிட்டு, இரண்டு கிளிப்புகளின் தொடக்கத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து வையுங்கள்.

டைம்லைனில் ஒரு ஃபிரேமை விடச் சிறிதாக நகர்த்த முடியாது. 30இல் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 33 மில்லிவிநாடி. ஊசி இரண்டு ஃபிரேமுக்கு நடுவே விழுந்தால் எந்தப் பக்கம் தள்ளுவது? ஒலி சற்றுப் பிந்தும் பக்கமே தள்ளுங்கள். கரையில் நூறு மீட்டர் தள்ளி ஒருவர் தோணியில் சுத்தியலால் அடித்தால், அடியைப் பார்த்த பிறகுதான் சத்தம் கேட்கிறது. நம் மூளைக்கு அது பழக்கம். சத்தம் முந்தி வருவதை இயற்கையில் எங்கும் பார்த்ததில்லை, அதனால் அது உடனே உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் இது உண்டு: ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 வரை தெரிவதில்லை.

4. காதாலும் கண்ணாலும் சரிபார்ப்பது

வயர் உள்ள ஹெட்ஃபோனைப் போடுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் தானே ஒலியைத் தாமதப்படுத்தும், அதைக் கேட்டு முடிவெடுத்தால் சரியாக இருப்பதையும் கெடுத்துவிடுவீர்கள்.

முதலில் வீடியோவின் சொந்த ஒலியையும் தனி ஒலியையும் சேர்த்து ஓடவிடுங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் ஒரே குரலாக, கொஞ்சம் குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். குரல் இரண்டாகப் பிரிந்து எதிரொலிபோல் கேட்டால் ஒரு ஃபிரேமுக்கு மேல் பிசகியிருக்கிறது.

அடுத்து வீடியோவின் ஒலியை மௌனமாக்கிவிட்டு உதட்டைப் பாருங்கள். ப, ம வரும் சொற்களில் உதடு கட்டாயம் மூடித் திறக்கும். ஐயா "கப்பல்" என்று சொல்லும்போது, உதடு மூடியிருக்கும் கணத்தில் ஒலி அடங்கி, திறக்கும்போது வெடிக்க வேண்டும். க, த, ன மாதிரி எழுத்துகளை வைத்துப் பார்க்காதீர்கள். அவை வாய்க்குள்ளேயே நடப்பவை, கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரி என்றால் இரண்டையும் தேர்ந்து `Ctrl+G` அழுத்திக் கட்டிவிடலாம். ஆனால் அதற்கு முன் கடைசித் தட்டைப் பார்க்க வேண்டும்.

5. கடைசியில் மூன்று ஃபிரேம் விலகியிருந்தால்

முதல் தட்டு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. டைம்லைனின் முடிவுக்குப் போனால், கை தொட்ட ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம் கழித்துத்தான் ஊசி வருகிறது. நீங்கள் எதையும் பிழையாகச் செய்யவில்லை. ஒவ்வொரு ஃபோனுக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது, இரண்டு கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 35 நிமிடம் என்றால் 2100 விநாடி. மூன்று ஃபிரேம் என்றால் 0.1 விநாடி. பத்து லட்சத்தில் ஏறத்தாழ 48 பங்கு வித்தியாசம். சாதாரண ஃபோன்களுக்கு இது புதிதல்ல.

ஒலியின் வேகத்தை மாற்றியும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் பேட்டிக்கு அதைவிடச் சுலபமான வழி, ஒலியைச் சில இடங்களில் வெட்டி ஒவ்வொரு ஃபிரேமாக இழுப்பது. விலகல் சீராக வளர்வதால், ஒரு ஃபிரேம் விலக 11 நிமிடம் 40 விநாடி ஆகிறது. விலகல் அரை ஃபிரேமை எட்டும் இடங்களில் வெட்டினால் எந்த நேரத்திலும் பிழை அரை ஃபிரேமைத் தாண்டாது. அந்த இடங்கள் ஏறத்தாழ 6ஆம் நிமிடம், பதினேழரை நிமிடம், 29ஆம் நிமிடம்.

சரியாக அந்த விநாடியில்தான் வெட்ட வேண்டும் என்றில்லை. அதற்குப் பக்கத்தில் ஐயா மூச்சு வாங்கும் ஓர் இடைவெளியைப் பாருங்கள். அங்கே வெட்டி, முன்துண்டின் வாலில் ஒரு ஃபிரேமைக் குறைத்து, பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரு ஃபிரேம் இடப்பக்கம் இழுங்கள். அடுத்த இரண்டு வெட்டிலும் இதே வேலை. மூன்றாவது முடிந்ததும் கடைசித் தட்டு தானாகப் பொருந்தி நிற்கும். பொருந்தாவிட்டால் எங்கோ எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறீர்கள். ஊசி கைக்கு முந்தி வரும் பதிவுகளில் வலப்பக்கம் நகர்த்தி, நடுவில் விழும் ஒரு ஃபிரேம் வெற்றிடத்தை முன்துண்டின் வாலை நீட்டி மூடவேண்டும்.

6. தட்டு இல்லாத பதிவுக்கு அலைவடிவப் பொருத்தம்

தட்ட மறந்த பதிவுக்கு மென்பொருள் கைகொடுக்கும். வீடியோவின் சொந்த ஒலியில் வலது கிளிக் செய்து `Set Audio Reference`. பிறகு தனி ஒலியில் வலது கிளிக் செய்து `Align Audio to Reference`. இரண்டு அலைவடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி, எங்கே அதிகம் ஒத்துப்போகின்றனவோ அங்கே மென்பொருள் வைத்துவிடும்.

ஆனால் இது கேமராவின் மைக்கை நம்பி நடக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபோனின் மைக்கில் காற்று மோதும் உறுமல் மட்டும் இருக்கும், குரல் அதற்குள் அமுங்கிவிடும். சட்டையிலுள்ள மைக்கில் அந்த உறுமல் இல்லை. ஒத்துப்போக ஒன்றும் இல்லாததால் பொருத்தம் எங்கேயோ போய் விழும். இது பெரிய பிழை என்பதால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஏமாற்றுவது இன்னொன்று. பக்கத்தில் யாரோ தோணிக்குச் சீராக ஆணி அடித்துக்கொண்டிருந்தால், ஒரு சுத்தியல் அடி தள்ளிப் பொருந்தினாலும் அலைவடிவங்கள் ஓரளவு ஒத்துப்போகும். கோயிலில் மேளம் பதியும்போதும் இந்த ஆபத்து உண்டு. அடிகள் எல்லாம் சேர்ந்து விழுவதால் சரி என்று தோன்றும். அடியை விட்டுவிட்டு, திரும்ப வராத ஒரு சத்தத்தைக் கேளுங்கள்: ஒரு பேச்சுத் துண்டு, ஓட்டோ ஹோர்ன், ஓர் இருமல். அது இரட்டையாகக் கேட்டால் பொருத்தம் பிழை.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. கேமரா மூன்று மீட்டரில் இருந்தால் தாமதம் ஒன்பது மில்லிவிநாடிதான், விட்டுவிடலாம். வலை இழுப்பதை 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தால், கேமரா மைக்குக்கு ஐயாவின் குரல் 57 மில்லிவிநாடி பிந்தி வந்திருக்கும். மென்பொருள் அந்தப் பிந்திய ஒலியோடு பொருத்துவதால், நல்ல ஒலியும் அவர் உதட்டுக்குப் பிந்திவிடும். பொருத்திய பிறகு தனி ஒலியை மட்டும் இரண்டு ஃபிரேம் இடப்பக்கம் நகர்த்தி, "கப்பல்" வரும் இடத்தில் உதட்டை மறுபடி பாருங்கள். ஒலி முந்துவதுபோல் பட்டால் ஒரு ஃபிரேமைத் திருப்பிக் கொடுங்கள்.