குடியை விட்டு 5 வருடம் ஆன நண்பருக்கு என்ன அனுப்பலாம்?

வாட்ஸ்அப் குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள், அவர் குடித்ததே தெரியாதவர்கள் அங்கே இருக்கலாம், அதை யாரிடம் சொல்வது என்பது அவர் முடிவு. 'இனிமேலும் தொட்டுடாதே', 'குடும்பத்தை நினைச்சுக்கோ' எல்லாம் வேண்டவே வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும், இப்படி:

"மச்சான், இன்னையோட அஞ்சு வருஷம்! போன மாசம் கல்யாணத்துல எல்லாரும் மாடிக்குக் கூப்பிட்டப்ப, நீ சிரிச்சுக்கிட்டே பந்தி பரிமாறப் போனதைப் பார்த்தேன்டா. ரொம்பப் பெருமையா இருந்துச்சு. சாயங்காலம் டீ குடிக்கப் போலாமா?"

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகிறவர் என்றால் அங்கே இதைப் பிறந்தநாளாகவே கொண்டாடுவார்கள், அப்படியே வாழ்த்தலாம். அப்புறம், தேதி சரியாகத் தெரியாவிட்டால் 'இந்த மாசத்தோட' என்று எழுதுங்கள், ஏனென்றால் அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கும்.