ரிப்ளையா, ரிப்ளை ஆல்லா? 46 பேர் இருக்கிற மெயிலில் பதில் போடுவது எப்படி

நான் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் முன்னால் ஹால் டியூட்டி பட்டியலைத் தயாரித்து ஆசிரியர்களுக்கு மெயிலில் அனுப்புவது என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் அப்படி ஒரு பட்டியலை அனுப்பினேன். என்னையும் சேர்த்து அந்த மெயிலில் 46 பேர். மதியச் சாப்பாட்டுக்குள் 19 பதில்கள் வந்துவிட்டன, எல்லாமே ரிப்ளை ஆல். ஒவ்வொரு பதிலும் மற்ற 45 பேருக்கும் போகும், ஆக மொத்தம் 855 மெயில்.

அந்த 19-இல் 18 பதில்கள் ‘நோட்டட் சார்’, ‘நன்றி சார்’ வகை. பதினோராவதாக வந்தது மட்டும் வேறு: ‘204-ஆம் அறையில் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது, அங்கே தேர்வு வைக்க முடியாது.’ பத்து நன்றிகளைப் பார்த்த பிறகு நான் மீதியைத் திறக்கவே இல்லை. மற்றவர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். தேர்வு அன்று காலையில் 30 மாணவர்கள் பூட்டிய அறைக்கு முன்னால் நின்றார்கள். அவர்களை வேறு அறைக்கு மாற்றி உட்கார வைப்பதற்குள் தேர்வு நேரத்தில் கால் மணி போய்விட்டது.

அதன் பிறகு எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இங்கே ஜிமெயிலை வைத்து விளக்குகிறேன். அவுட்லுக்கிலும் யோசனை இதேதான், பொத்தான்கள்தான் இடம் மாறும்.

படி 1: மெயிலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

கணினியில் மெயிலைத் திறந்ததும் அனுப்பியவர் பெயருக்குக் கீழே to என்ற வரியும் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் இருக்கும். அதை அழுத்தினால் from, to, cc எல்லாம் விரியும். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அங்கே ஒரே ஒரு முகவரிதான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அது ‘எல்லா ஊழியர்களும்’ மாதிரியான குழு முகவரியாக இருந்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் முந்நூறு பேர் இருக்கலாம்.

இரண்டு, reply-to என்று தனியாக ஒரு வரி இருந்தால், நீங்கள் சாதாரண ரிப்ளை போட்டாலும் அது அனுப்பியவருக்குப் போகாது, அந்த முகவரிக்குத்தான் போகும். கூகுள் குரூப்ஸ் குழுக்களில் பதில்கள் குழு முழுவதற்கும் போகும்படி நிர்வாகி அமைத்து வைத்திருக்க முடியும். அப்படிப்பட்ட குழுவில் ரிப்ளை அழுத்தினாலே எல்லோருக்கும் போய்விடும். அதனால் அனுப்புவதற்கு முன் To பெட்டியில் என்ன முகவரி நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்ற நினைவை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்று, to-விலும் cc-யிலும் உங்கள் பெயரும் இல்லை, நீங்கள் இருக்கும் குழுவும் இல்லை என்றால், உங்களை Bcc-யில் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. இங்கே ரிப்ளை ஆல் போட்டால், உங்களுக்கு ஒரு நகல் வந்த செய்தி எல்லோருக்கும் தெரிந்துவிடும். அனுப்பியவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். இந்த நிலையில் எப்போதும் அனுப்பியவருக்கு மட்டும்தான்.

படி 2: எந்த மெயிலுக்குப் பதில் போடுகிறீர்கள்?

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஜிமெயில் ஒரே தலைப்பில் வரும் பதில்களை எல்லாம் ஒரே அடுக்காகக் காட்டும். அடுக்கின் அடியில் இருக்கும் Reply பொத்தான் கடைசியாக வந்த மெயிலுக்கானது, முதலில் வந்த மெயிலுக்கானது அல்ல. எங்கள் ஆசிரியை ஒருவர், ‘அம்மாவுக்கு கண் ஆபரேஷன், 14-ஆம் தேதி டியூட்டி வேண்டாம்’ என்று எனக்கு எழுதுவதாக நினைத்து அடியில் இருந்த பொத்தானை அழுத்தினார். அது எனக்கு வரவில்லை. கடைசியாக ‘நன்றி சார்’ போட்டிருந்த வேறு துறை ஆசிரியருக்குப் போனது. அவரும் திறந்து பார்க்கவில்லை. அந்த ஆசிரியை, நான் பதில் போடவில்லையே என்று இரண்டு நாள் வருத்தத்தில் இருந்தார்.

அதனால் அடுக்கில் மேலே போய், நீங்கள் பதில் சொல்ல வேண்டிய மெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலப்பக்க மேல் மூலையில் இருக்கும் வளைந்த அம்புக்குறியை அழுத்துங்கள்.

படி 3: முதலில் பதிலை எழுதுங்கள், பிறகு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நிறையப் பேர் ரிப்ளையா, ரிப்ளை ஆல்லா என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறார்கள். முதலில் எழுதுங்கள். எழுதிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வரியைப் படித்தபின் யார் தன் வேலையில் எதையாவது மாற்றிச் செய்வார்? அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அந்தத் திங்கட்கிழமைப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். என் மெயிலில் ‘மாற்றம் வேண்டுவோர் புதன் மாலை 4 மணிக்குள் தெரிவிக்கவும்’ என்று எழுதியிருந்தேன்.

‘நோட்டட் சார்’: இதைப் படித்து 44 ஆசிரியர்களில் ஒருவரும் எதையும் மாற்றிச் செய்யப் போவதில்லை. மாற்றம் வேண்டியவர்கள் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பதால் எனக்கும் இது தேவையில்லை. ‘கிடைத்ததா என்று உறுதி செய்யவும்’ என்று நான் கேட்டிருந்தால், எனக்கு மட்டும் ஒரு வரி. பதில் போடாமல் விட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். அந்த மரியாதையை அனுப்பியவருக்கு மட்டும் செலுத்தினால் போதும், அது அவரைச் சேர்ந்துவிடும்.

‘14-ஆம் தேதி என்னால் முடியாது, இயற்பியல் துறை மேடம் எனக்குப் பதிலாக வருகிறார்’: இதில் வேலை மாறுவது இரண்டு பேருக்கு. பட்டியலைத் திருத்த வேண்டிய எனக்கு, வர வேண்டிய அந்த மேடத்துக்கு. எனவே ரிப்ளை போட்டு, Cc-யில் அந்த மேடத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். ஆபரேஷன், குடும்பக் காரணம் எல்லாம் 45 பேர் பார்வைக்குப் போக வேண்டியதில்லை. திருத்திய பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை.

‘204-ஆம் அறை ஒழுகுகிறது’: இதுதான் உண்மையான ரிப்ளை ஆல். அந்த அறையில் டியூட்டி உள்ளவர்கள், மாணவர்களுக்கு அறை எண் சொல்லும் வகுப்பு ஆசிரியர்கள், நான், எல்லோரும் எதையாவது மாற்றியாக வேண்டும். ஆனால் ரிப்ளை ஆல் போட்டால் மட்டும் போதாது, அது கண்ணில் பட வேண்டும். அடுக்கின் நடுவில் பதினோராவதாகப் புதைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோமே. ஜிமெயிலில் பதில் எழுதும்போது தலைப்பை மாற்றினால் அது தனி மெயிலாகப் பிரிந்து இன்பாக்ஸில் நிற்கும். இதற்கு, பெறுநர் பெயர்களுக்கு இடப்பக்கம் உள்ள சின்ன அம்புக்குறியில் Edit subject என்பதை அழுத்துங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

> தலைப்பு: 204-ஆம் அறை பயன்படுத்த முடியாது – டியூட்டி பட்டியலில் மாற்றம் தேவை
>
> வணக்கம். 204-இல் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது, இன்று காலை நேரில் பார்த்தேன். 30 மாணவர்களுக்கு வேறு அறை வேண்டும். தேர்வுப் பிரிவு புதிய அறையை அறிவிக்கும்வரை மாணவர்களிடம் 204 என்று சொல்ல வேண்டாம்.

கேள்வி கேட்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘என் அறைக்கு இன்னொருவர் உண்டா?’ என்பது உங்கள் கேள்வி, என்னிடம் மட்டும் கேளுங்கள். ஆனால் மெயிலில் 9 மணிக்கு வரவும் என்றும், இணைப்பில் 9.15 என்றும் இருந்தால் அது 45 பேரின் குழப்பம். அதை எல்லோருக்கும் தெரியும்படி ஒருவர் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. பத்துப் பேர் தனித்தனியே கேட்பது மிச்சமாகும், பதிலும் எல்லோருக்கும் போயாக வேண்டியது.

யாராவது தப்பாக ரிப்ளை ஆல் போட்டால் அதைச் சுட்டிக்காட்டுவது அவருக்கு மட்டும். ஆனால் அவர் சொன்ன தகவல் தவறாக இருந்தால், உதாரணத்துக்கு ‘14-ஆம் தேதி தேர்வு இல்லை’ என்று எழுதிவிட்டால், திருத்தம் எல்லோருக்கும் போக வேண்டும். ‘14-ஆம் தேதி தேர்வு உண்டு, பட்டியலில் மாற்றமில்லை’ என்று தகவலை மட்டும் எழுதுங்கள், அவர் பெயரை இழுக்காதீர்கள்.

படி 4: பேச்சு இரண்டு பேருக்குள் சுருங்கினால்

அறை மாற்றம் பற்றி நானும் கட்டடப் பொறுப்பாளரும் மாறி மாறி எழுத ஆரம்பித்தால் மற்றவர்களை விடுவிக்க வேண்டும். மற்ற எல்லா முகவரிகளையும் Bcc-க்கு மாற்றி, முதல் வரியில் ‘மற்றவர்களை Bcc-யில் வைத்திருக்கிறேன், முடிவானதும் அறிவிப்பேன்’ என்று எழுதுவேன். அவர்களுக்கு அந்த ஒரு மெயில் வரும். அதற்கு நாங்கள் போடும் பதில்கள் அவர்களுக்குப் போகாது.

அனுப்புகிறவர் முதலிலேயே எல்லோரையும் Bcc-யில் போட்டால் ரிப்ளை ஆல் தொல்லையே இருக்காதே என்று கேட்பார்கள். அறிவிப்புக்கு அது சரி. டியூட்டி பட்டியலுக்கு நான் செய்வதில்லை. 204 பற்றித் தெரிந்தவர் எல்லோரையும் உடனே எச்சரிக்கும் வழி அடைபட்டுவிடும்.

படி 5: தவறிப் போய்விட்டால்

Settings, See all settings, General என்று போனால் Undo Send இருக்கும். அதை 30 வினாடியாக வையுங்கள், அதுதான் அதிகபட்சம். அதே பக்கத்தில் Default reply behavior இருக்கும், அதில் Reply என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் பிறகு பக்கத்தின் அடியில் Save Changes அழுத்த மறக்காதீர்கள்.

30 வினாடி தாண்டிவிட்டால் மெயிலைத் திரும்பப் பெற முடியாது. ஒருவர் மனம் புண்படும் விஷயமாக இருந்தால் அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வெறும் ‘நன்றி’ போய்விட்டிருந்தால் விட்டுவிடுங்கள். ‘தவறாக வந்துவிட்டது, மன்னிக்கவும்’ என்று இன்னொரு ரிப்ளை ஆல் போட்டால் இன்னும் 45 மெயில்.

அடுத்தவர்களின் ரிப்ளை ஆல் மழையில் மாட்டினாலும் இதே கதைதான். ‘என்னை இதிலிருந்து நீக்குங்கள்’ என்று எல்லோருக்கும் எழுதுவது மழையைக் கூட்டும். 1997-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே சுமார் 13,000 பேர் இருந்த ஒரு குழு முகவரியில் நடந்தது இதுதான். நீக்கச் சொல்லி ஒருவர் எழுத, என்னையும் என்று மற்றவர்கள் எழுத, மெயில் சர்வர்கள் திணறின. 2020-இல் அந்த நிறுவனம் தன் மெயில் சேவையில் ஒரு தடுப்பைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதன் கணக்கு, 5,000 பேருக்கு மேல் உள்ள மெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் 10 ரிப்ளை ஆல் விழுந்தால், அடுத்த 4 மணி நேரத்துக்கு மேற்கொண்டு போடவிடாது என்பது. 46 பேர் இருக்கிற நம் மெயில் அந்தக் கணக்கில் வரவே வராது.

உங்களுக்கு வேலையில்லாத மெயில் அடுக்கு என்று உறுதியானால் ஜிமெயிலில் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Mute கொடுங்கள். புதிய பதில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் All Mail-இல் சேரும், தேடினால் கிடைக்கும். கணினியில் போட்டிருக்கும் அவுட்லுக்கின் Ignore அப்படி இல்லை, அந்த உரையாடலை Deleted Items-க்கே அனுப்பிவிடும். டியூட்டி பட்டியல் மாதிரி, பின்னால் ஒரு முக்கியமான திருத்தம் வரக்கூடிய மெயிலில் இரண்டையும் தொடாதீர்கள்.