மார்ச் 31-க்குள் பில் போட்டால் மார்ச் விற்பனையா? கட்-ஆஃப் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்ததும் ஆடிட் கோப்புகளில் ஒரே மாதிரியான தாள் ஒன்று வந்து சேரும். மார்ச்சின் கடைசி ஐந்து பில், ஏப்ரலின் முதல் ஐந்து பில், ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை டிக், கீழே "கட்-ஆஃப் சரி", அதாவது விற்பனையும் கொள்முதலும் உரிய ஆண்டிலேயே பதிவாகியிருக்கின்றன என்று. ஆர்ட்டிகிள்ஷிப்பில் புதிதாகச் சேர்பவர்கள் ஆண்டுதோறும் இதையே எழுதுகிறார்கள். முன்பு நாங்கள் எழுதியதும் இதுதான். பில் தேதியையும் டேலியில் உள்ள தேதியையும் தவிர அந்தத் தாளில் எதுவும் ஒப்பிடப்பட்டிருக்காது. தேதியைத் தப்பாக அடிப்பது, ஒரே பில்லை இரண்டு முறை பதிவது போன்றவை தானாகவே கண்ணில் படும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

பில் தேதியை விற்பனைத் தேதி என்று நம்புவது

அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, சரக்கு அனுப்பி விற்கும்போது வண்டி கிளம்புவதற்கு முன்போ கிளம்பும்போதோ பில் போட்டாக வேண்டும். ஆகவே பில் தேதி என்பது சரக்கு வாசலைத் தாண்டிய தேதி அல்லது அதற்கு முந்தைய தேதி, அவ்வளவுதான். கணக்குத் தரநிலை கேட்பது வேறு கேள்வி. ஏ.எஸ். 9-ன்படி, உரிமையோடு சேர்ந்த முக்கியமான ஆபத்தும் பலனும் வாங்குபவருக்குப் போயிருக்க வேண்டும். இண்ட் ஏ.எஸ். 115-ன்படி, சரக்கின் மீதான கட்டுப்பாடு அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். அது எப்போது நடந்தது என்று பில் சொல்லாது, பர்ச்சேஸ் ஆர்டரின் டெலிவரி நிபந்தனைதான் சொல்லும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பாளர் 200 பம்ப்செட்டுகளை மார்ச் 30 அன்று நாக்பூருக்கு அனுப்புகிறார். வரி நீங்கலாக விலை 36 லட்சம், அடக்கம் 28 லட்சம். ஆர்டரில் "எஃப்.ஓ.ஆர். டெஸ்டினேஷன்" என்று இருக்கிறது. வழியில் சேதமானால் நஷ்டம் விற்பவருக்கு. டிரான்சிட் இன்ஷூரன்ஸும் அவர் பெயரில்தான். தூரம் சுமார் 1,450 கிலோமீட்டர் என்பதால், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இ-வே பில் 8 நாள் செல்லும். லாரி ரசீதான எல்.ஆர். நகலில் வாங்குபவரின் முத்திரை ஏப்ரல் 3. ஆக, இது ஏப்ரல் விற்பனை.

மார்ச் 31 அன்று அந்த வண்டி நெடுஞ்சாலையில் இருந்தது. விற்பனையில் 36 லட்சம் ஏறிவிட்டது, குடோனில் எண்ணும்போது சரக்கு இல்லை. லாபம் 8 லட்சம் கூடுதலாகத் தெரிகிறது.

திருத்தும்போதுதான் இரண்டாவது சறுக்கல். விற்பனையில் 36 லட்சத்தைக் கழித்துவிட்டு அதோடு நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் லாபம் 8 லட்சத்துக்குப் பதில் 36 லட்சம் குறையும். வழியில் இருந்த 200 பம்ப்செட்டுகள் இன்னும் விற்பவரின் சொத்து. அவற்றை அடக்க விலையில், 28 லட்சத்துக்கு, இறுதி ஸ்டாக்கில் சேர்த்தாக வேண்டும். ஸ்டாக் எடுத்த பட்டியலில் அவை இருக்காது என்பதால் யாருக்கும் நினைவு வருவதில்லை.

இன்னொன்று: பில்லை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். பில் சரியானது, வரி மார்ச் மாதத்துக்கே உரியது. விற்பனையிலும் வர வேண்டிய கடனிலும் வரி நீங்கலான தொகையை மட்டும் திருப்புங்கள். புத்தக விற்பனைக்கும் ஜி.எஸ்.டி. விற்பனைக்கும் வரும் வித்தியாசத்தை, ஜி.எஸ்.டி.ஆர்-9சி தர வேண்டிய நிறுவனமானால், அங்கே விளக்கிக்கொள்ளலாம்.

சான்று விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். இ-வே பில்லின் பகுதி-பி எந்த வண்டியில், எப்போது கிளம்பியது என்பதைக் காட்டும். போய்ச் சேர்ந்ததைக் காட்டாது. அதற்கு எல்.ஆர். மேல் தேதியுடன் கூடிய முத்திரையோ சரக்கு வந்ததும் வாங்குபவர் போடும் ஜி.ஆர்.என். நகலோ வேண்டும். அடுத்து, லாரி வாடகையை விற்பவர் கொடுத்தார் என்பதாலேயே ஆபத்தும் அவருடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சி.ஐ.எஃப். ஏற்றுமதியில் கப்பல் கூலி, காப்பீடு இரண்டையும் விற்பவர்தான் கட்டுகிறார். ஆனாலும் சரக்கு கப்பலில் ஏறியதுமே ஆபத்து வாங்குபவருக்குப் போய்விடுகிறது. அங்கே பார்க்க வேண்டியது பில் ஆஃப் லேடிங்கில் "ஆன் போர்டு" தேதி. ஷிப்பிங் பில் தேதி அதற்குப் பல நாள் முன்னதாகவே இருக்கலாம்.

ஐந்து முன், ஐந்து பின்

இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எத்தனை நாள் பின்னோக்கிப் பார்ப்பது என்பதைப் பயண நாள்தான் தீர்மானிக்க வேண்டும். உள்ளூர் டெலிவரிக்கு ஒரு நாள் போதும். நாக்பூருக்கு ஒரு வாரம், கடல் வழியில் வாசல் வரை ஒப்படைக்கும் நிபந்தனை என்றால் மாதக்கணக்கு. மேலே சொன்ன பில்லுக்குப் பிறகு மார்ச் 31 அன்று நாற்பது உள்ளூர் பில்கள் போட்டிருந்தால், கடைசி ஐந்தில் அது வரவே வராது.

கொள்முதலை லெட்ஜரிலிருந்து தொடங்குவது

விற்பனையில் பயம், இல்லாதது ஏறியிருக்கிறதோ என்பது. கொள்முதலில் பயம், இருப்பது விடுபட்டிருக்கிறதோ என்பது. விடுபட்டதை லெட்ஜரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

மார்ச் 31 மாலை 12 லட்சம் ரூபாய் நூல் வந்து இறங்குகிறது. மறுநாள் காலை ஸ்டாக் எடுக்கும்போது அதையும் எண்ணிவிடுகிறார்கள். பில்லோ ஏப்ரல் 18 அன்றுதான் பதிவாகிறது, ஏனென்றால் விற்பவர் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் தெரிந்த பிறகே கொள்முதலைப் பதிவது அந்தக் கணக்குப் பிரிவின் வழக்கம். ஸ்டாக் ஏறியது, கொள்முதல் ஏறவில்லை. விற்பனைத் தவறில் லாப விகிதம் அளவுக்குத்தான் அடி. இங்கே 12 லட்சமும் அப்படியே லாபத்தில் உட்காரும். மார்ச் லெட்ஜரிலிருந்து எத்தனை பில் எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் மார்ச் ஜி.ஆர்.என். ஒழுங்காக இருக்கும்.

ஆகவே கேட் இன்வர்ட் ரிஜிஸ்டரில் தொடங்குங்கள். அங்கிருந்து ஜி.ஆர்.என்., அங்கிருந்து லெட்ஜர். பிறகு ஏப்ரல், மே மாதங்களில் பதிவான பெரிய கொள்முதல் பில்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஜி.ஆர்.என். தேதியையும் பாருங்கள். மார்ச்சில் வந்ததற்குப் பில் பதிவாகவில்லை என்றால், கொள்முதலைப் பற்று வைத்து, பில் பதியாத சரக்குக்கான கடனாக வரவு வையுங்கள்.

ஸ்டாக் எடுக்கும் அன்று எண்களைக் குறிக்காமல் வருவது

கடைசி பில், கடைசி டெலிவரி சலான், கடைசி ஜி.ஆர்.என்., கேட் ரிஜிஸ்டரின் கடைசி இன்வர்ட், அவுட்வர்ட் வரிகள். எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள் அல்லது படம் எடுங்கள். ஜூனில் கேட்டால் ரிஜிஸ்டர் புதிதாக எழுதப்பட்டிருக்கலாம். வளாகத்துக்குள் லோடு ஏற்றி நிற்கும் லாரிகளின் எண்களையும் குறியுங்கள். பில் போட்டாயிற்று, வண்டி வெளியே போகவில்லை, சரக்கை எண்ணவும் இல்லை என்ற நிலை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஏப்ரல் கிரெடிட் நோட்டுகள்

மார்ச் விற்பனையை ஏப்ரலில் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்காமல் கோப்பை மூடாதீர்கள்.

போன வருடத் திருத்தம்

திருப்பிய 36 லட்சம் புது ஆண்டில் விற்பனையாக ஏறியதா, சேர்த்த 28 லட்சம் ஸ்டாக்கிலிருந்து இறங்கியதா என்று அடுத்த ஏப்ரலுக்கு முன் ஒரு தடவை பாருங்கள். ஆடிட்டர் சொன்ன பதிவை டேலியில் போடாமலே விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு.